யார் போட்ட பணம் என்று கண்டுபிடிக்க விர்ச்சுவல் அக்கவுண்ட் நம்பர்

கேள்வி: ஈரோட்டில் பிவிசி பைப், ஃபிட்டிங்ஸ் மொத்த வியாபாரம் செய்கிறோம். 240 கடைக்காரர்கள் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் மூலம் பணம் போடுகிறார்கள். யார் போட்டது என்று கண்டுபிடிப்பதிலேயே அக்கவுண்டன்டுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. ஆளுக்கொரு விர்ச்சுவல் அக்கவுண்ட் நம்பர் தருகிறோம் என்று வங்கியில் சொல்கிறார்கள். 240 கணக்கு திறக்க வேண்டுமா? இது எப்படித்தான் வேலை செய்கிறது?

பதில்:

ஒரு கணக்குகூடப் புதிதாகத் திறக்க வேண்டாம். இப்போது இருக்கும் கரன்ட் அக்கவுண்ட் அப்படியே இருக்கும், பணமும் அதில்தான் விழும். மாறுவது கடைக்காரர் தன் ஆப்பில் அடிக்கும் எண் மட்டும்தான். மொத்த வியாபாரக் கணக்குகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். மூன்று இடங்களில் இதை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். எங்கே உதவும், எங்கே உதவாது என்று தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஸ்டேட்மென்டில் வரவு ஏறக்குறைய இப்படித்தான் தெரியும் (வங்கிக் குறியீடுகளும் எண்களும் கற்பனை):

```
NEFT CR-ABCDN25101234567-K PALANISAMY       48,500.00
NEFT CR-EFGHN25107654321-SRI MURUGAN TRADERS 48,500.00
```

நடுவில் இருக்கும் 16 எழுத்து யுடிஆர், அதாவது அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண். அது அனுப்பிய வங்கி போட்டது. உங்கள் பார்ட்டி யார் என்று அதில் இருக்காது. பெயரைப் பார்த்தால், பழனிசாமி யார்? கடையின் பெயர் வேறாக இருக்கும். உரிமையாளர் தன் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து அனுப்பியிருப்பார். ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ் என்றால் பவானியில் ஒன்று, கோபியில் ஒன்று, தாராபுரத்தில் ஒன்று என்று லெட்ஜரில் மூன்று பேர் இருப்பார்கள். தொகையை வைத்துப் பிடிக்கலாம் என்றால் இரண்டும் 48,500. பணம் போடும்போது குறிப்பு எழுதச் சொல்லலாம். ஆனால் பாதிப்பேர் எழுத மாட்டார்கள், எழுதினாலும் அது பல நேரம் உங்கள் ஸ்டேட்மென்டில் வெட்டுப்பட்டுத்தான் வரும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அனுப்புபவர் பெயர் எப்படி இருந்தாலும் பணம் வந்துவிடும். குறிப்பு காலியாக இருந்தாலும் வந்துவிடும். சரியாக இருந்தே ஆக வேண்டியது ஐஎஃப்எஸ்சியும் பெறுபவரின் கணக்கு எண்ணும்தான். நெஃப்டில் வரவு வைப்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். பெயர் பொருந்துகிறதா என்று பெறும் வங்கி பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. சரியான எண்ணைக் கொடுப்பது அனுப்புபவரின் பொறுப்பு என்பதுதான் ரிசர்வ் வங்கியின் நிலை. அப்படியானால் பார்ட்டியின் அடையாளத்தை வைக்கச் சரியான இடம் அந்த எண்தான். கடைக்காரர் அதை மறக்க முடியாது, விட்டுவிடவும் முடியாது. விர்ச்சுவல் அக்கவுண்ட் நம்பரின் அடிப்படை இவ்வளவுதான்.

வங்கி உங்களுக்கென்று ஒரு முன்னொட்டு தரும். 7788 என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் வரும் இலக்கங்கள் உங்கள் இஷ்டம். லெட்ஜரில் 0417 என்று குறியிட்ட பழனிசாமிக்கு 7788 உடன் 0417 சேர்த்து ஓர் எண் கொடுக்கிறீர்கள். அவர் அந்த எண்ணுக்கு அனுப்பும்போது அவருடைய வங்கிக்கு அது எல்லாக் கணக்கு எண்ணையும் போல இன்னோர் எண். செய்தி உங்கள் வங்கிக்கு வந்ததும், வழக்கமான கணக்குகளைத் தேடுவதற்கு முன்னால் வசூல் மென்பொருள் அதைப் பார்க்கிறது. 7788 என்றால் உங்கள் கம்பெனி என்று தெரிந்துகொண்டு, பணத்தை உங்கள் உண்மையான கரன்ட் அக்கவுண்டில் வரவு வைக்கிறது. கூடவே, எந்த எண்ணுக்கு வந்தது என்பதையும் குறித்துக்கொள்கிறது. ஆக அந்த 240 எண்களும் ஒரே வீட்டின் 240 கதவு மாதிரி. எந்தக் கதவு வழியாக வந்தாலும் பணம் ஒரே அறைக்குத்தான் போகிறது. அந்த எண்களுக்கு இருப்பு கிடையாது, வட்டி கிடையாது, அதிலிருந்து பணம் எடுக்கவும் முடியாது. கடைக்காரருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தால் உங்கள் கரன்ட் அக்கவுண்டிலிருந்து அவருடைய உண்மையான கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஐஎஃப்எஸ்சி விஷயத்தில் ஒன்று. பல வங்கிகள் இந்த எண்களுக்கு உங்கள் ஈரோடு கிளையின் குறியீட்டைத் தராமல், வசூலுக்கென்று தனியாக வைத்திருக்கும் ஒரு குறியீட்டைத் தரும். ஆப்பில் வெளியூர்க் கிளையின் பெயர் தெரியும். "அண்ணா, மும்பை பிராஞ்ச்னு காட்டுதே, சரிதானா?" என்று போன் வரும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

எண்ணை எப்படி அமைப்பது என்பதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 0417க்குப் பதிலாகக் கடைக்காரர் 0471 என்று இடம் மாற்றி அடித்துவிட்டால் என்ன ஆகும்? 0471 என்று ஒரு பார்ட்டி உங்களிடம் இருந்தால், பணம் எந்தச் சத்தமும் இல்லாமல் அவர் கணக்கில் ஏறிவிடும். பழைய முறையில் குழப்பம் இருந்தது, ஆனால் குழப்பம் இருப்பது தெரிந்தது. புதிய முறையில் தவறு சரியானது மாதிரியே தெரியும். இரண்டு மாதம் கழித்து ஒருவர் "நான் போட்டேனே" என்பார், இன்னொருவர் வாய் திறக்க மாட்டார்.

இதைத் தடுக்கக் குறியீட்டின் கடைசியில் ஒரு சோதனை இலக்கம் சேருங்கள். டெபிட் கார்டு எண்ணில் இருக்கும் அதே கணக்குதான். 0417ஐ எடுத்துக்கொள்வோம். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும், இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 7 இரட்டித்தால் 14, அது 5. அடுத்த 1 அப்படியே 1. 4 இரட்டித்தால் 8. 0 அப்படியே. மொத்தம் 14. அடுத்த பத்தின் மடங்கான 20க்கு 6 குறைகிறது, அதனால் சோதனை இலக்கம் 6. பழனிசாமியின் முழு எண் 778804176. இப்போது அவர் இடம் மாற்றி 778804716 என்று அடித்தால்? 0471க்கு இதே கணக்கைப் போட்டால் மொத்தம் 17, சோதனை இலக்கம் 3. அவர் அடித்ததில் 6 இருக்கிறது, ஆகவே அப்படி ஓர் எண்ணே உங்கள் பட்டியலில் இருக்காது. ஓர் இலக்கம் தவறினால் இந்த முறை கட்டாயம் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், 09ம் 90ம் மாறும் ஒரே இடத்தைத் தவிர. எக்செல்லில் ஒரு தடவை சூத்திரம் போட்டுவிட்டால் 240 எண்ணும் ஒரே நிமிடத்தில் தயார்.

இன்னொன்று, முன்னொட்டில் எழுத்துகள் வேண்டாம், இலக்கம் மட்டும் கொடுங்கள் என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். எழுத்து ஓவையும் பூஜ்ஜியத்தையும் மாற்றி அடிப்பவர்கள் நிறைய. எண்ணை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்புங்கள், காப்பி எடுத்து ஒட்டிக்கொள்ளட்டும். போனில் சொல்லி எழுத வைக்காதீர்கள்.

சோதனை இலக்கம் போட்டால் மட்டும் போதாது, தவறான எண்ணை யாராவது தடுக்கவும் வேண்டும். வங்கியில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, 7788 என்று தொடங்கும் எதையும் ஏற்றுக்கொண்டு உங்கள் கணக்கில் போட்டுவிடுவது. இன்னொன்று, நீங்கள் கொடுத்த பட்டியலில் இருக்கும் எண்ணை மட்டும் ஏற்று, மற்றதைத் திருப்பிவிடுவது. ஐஎம்பிஎஸ் என்றால் அந்த இடத்திலேயே தோல்வி என்று காட்டிவிடும். நெஃப்ட் என்றால் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போவதால், வரவு வைக்க முடியாத பணத்தைத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பியாக வேண்டும் என்பது விதி. முதல் முறையிலும் தவறான எண் உங்கள் அறிக்கையில் பட்டியலில் இல்லாத எண்ணாகத் தெரியும், தேடிப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் தெரிந்த கடைக்காரர்களோடு மட்டும் வியாபாரம் செய்யும் உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பேன். தவறு செய்தவர் கையிலேயே பணம் திரும்பிப் போய்விடுகிறது, அவரே சரி செய்துகொள்வார்.

அதற்கு ஒரு விலை உண்டு. நான் அமைத்துக் கொடுத்த ஓர் இடத்தில் புதுப் பார்ட்டிக்குக் காலையிலேயே எண்ணைச் சொல்லிவிட்டார்கள். பட்டியலை வங்கியில் ஏற்றுவது சாயங்கால வேலையாக இருந்தது. அவர் மதியம் 6 லட்சம் ஆர்டிஜிஎஸ் போட்டார், அது திரும்பிப் போய்விட்டது. லோடு ஏற்றிய வண்டி கேட்டிலேயே நின்றது, டிரைவர் இரவு அங்கேயே படுத்தார். அப்புறம் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். வங்கியின் தளத்தில் எண் உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பார்ட்டிக்கு அனுப்புவது.

சரி, பணம் வந்துவிட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும்? சாதாரண ஸ்டேட்மென்டோடு, வசூலுக்கென்று எம்ஐஎஸ் என்று ஓர் அறிக்கை வரும். நாள் முடிவிலோ, சில மணிக்கொரு முறையோ மெயிலில் வரும். மென்பொருள் ஆள் இருந்தால் வரவு விழுந்த நொடியே உங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பவும் ஏற்பாடு செய்யலாம். அதே இரண்டு வரவு இப்போது இப்படித் தெரியும்:

```
VAN,AMOUNT,MODE,UTR,REMITTER
778804176,48500,NEFT,ABCDN25101234567,K PALANISAMY
778802881,48500,NEFT,EFGHN25107654321,SRI MURUGAN TRADERS
```

முதல் வரி 0417. இரண்டாவது 0288, அதாவது கோபி முருகன். பெயரைப் பார்க்கவே வேண்டாம். பழனிசாமியின் தம்பி தன் கணக்கிலிருந்து போட்டிருந்தாலும் 0417 என்றுதான் வரும். இதை டாலியில் ரசீதாக ஏற்ற ஒரு சின்ன இறக்குமதிக் கோப்பு போதும், அக்கவுண்டன்டின் பாதி நாள் அரை மணி நேரமாகிவிடும்.

ஏற்றும்போது ஒரு கட்டுப்பாடு அவசியம். ஒரே யுடிஆர் இரண்டாவது தடவை வந்தால் ரசீது போடக் கூடாது. வங்கி உடனடிச் செய்தி அனுப்பி, உங்கள் சர்வரிலிருந்து பதில் வரத் தாமதமானால் அதையே மறுபடி அனுப்பும். அறிக்கையைத் தவறுதலாக இரண்டு முறை ஏற்றுவதும் நடக்கிற விஷயம்தான். அப்புறம் தினமும் சாயங்காலம் எம்ஐஎஸ்ஸின் மொத்தமும் ஸ்டேட்மென்டில் அந்த எண்கள் வழியாக விழுந்த வரவின் மொத்தமும் ஒன்றா என்று பாருங்கள். ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அன்றைக்கே தேடுங்கள், மறுநாள் என்றால் இரண்டு நாள் வித்தியாசம் கலந்துவிடும்.

வங்கியில் விற்க வருபவர்கள் வழக்கமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த எண் யார் போட்டது என்று சொல்லும், எந்த பில்லுக்குப் போட்டது என்று சொல்லாது. 0417க்கு மூன்று பில் நிலுவை என்று வையுங்கள்: 62,300, 36,500, 31,750. அவரிடமிருந்து 35,770 வருகிறது. மென்பொருளை விட்டால் பழைய பில்லில் இருந்து கழிக்கும். 62,300இல் 26,530 பாக்கி என்று காட்டி, 36,500ஐ அப்படியே திறந்து வைத்திருக்கும். உண்மையில் அவர் செய்தது வேறு. ஏழு நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். 36,500இல் 730 கழித்து 35,770 போட்டிருக்கிறார். மென்பொருள் செய்ததை அப்படியே விட்டால் தள்ளுபடி காணாமல் போகும், அவருக்குத் தவறான நிலுவைக் கடிதம் போகும், சண்டை வரும்.

ஆகவே தானாக ஏற்றும் ரசீதை டாலியில் ஆன் அக்கவுண்டாகப் போடச் சொல்லுங்கள், பில்லோடு சேர்க்கச் சொல்லாதீர்கள். லெட்ஜர் இருப்பு உடனே சரியாகிவிடும், அடுத்த லோடு விடலாமா என்று முடிவு செய்ய அது போதும். தொகை ஒரு பில்லோடு அப்படியே பொருந்தினாலோ, தள்ளுபடி கழித்தால் பொருந்தினாலோ மட்டும் மென்பொருள் சேர்க்கட்டும். மீதியை அக்கவுண்டன்ட் பார்ட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சேர்க்கட்டும்.

அப்படியானால் பில்லுக்கு ஓர் எண் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஒரே ஒரு தடவை பணம் கட்டுபவர்களுக்கு, உதாரணமாகக் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டு முன்பணத்துக்கோ, அது சரி. உங்கள் கடைக்காரர்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு பில்லுக்கும் அவர் ஆப்பில் புதுப் பயனாளியைச் சேர்க்க வேண்டியிருக்கும். பல வங்கிகளில் புதுப் பயனாளிக்கு முதல் சில மணி நேரம் அனுப்ப முடியாது, அல்லது குறைந்த தொகைதான் அனுப்பலாம். இரண்டு தடவை செய்வார், மூன்றாவது தடவை பழைய எண்ணுக்கே போட்டுவிடுவார்.

பழைய எண் என்றதும் சொல்ல வேண்டியது, இந்தத் திட்டத்தில் கடினமான பகுதியே அதுதான். கடைக்காரர்களின் ஆப்பில் உங்கள் கரன்ட் அக்கவுண்ட் எண் ஏற்கெனவே இருக்கிறது. புது எண் கொடுத்தாலும் கை பழைய இடத்துக்கே போகும். அந்தக் கணக்கை மூடவும் முடியாது, பணம் விழுவதே அங்கேதான். நான் செய்து பார்த்ததில் பலன் கொடுத்தது இது: பில்லிலும் விசிட்டிங் கார்டிலும் பழைய எண்ணை முற்றிலும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பில்லிலும் அந்தப் பார்ட்டியின் எண்ணை மட்டும் அச்சிடுவது. பழைய எண்ணுக்குப் போட்டவரை அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்வது. திட்டினால் வேலை நடக்காது. "உங்க வரவு ஏற ரெண்டு நாள் ஆகுது, புது நம்பர்னா உடனே ஏறிடும்" என்றால் நடக்கும், லோடு சீக்கிரம் கிளம்புவது அவருக்கும் லாபம்.

எண் மாறியதைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். "எங்கள் வங்கி எண் மாறிவிட்டது, இனி இங்கே போடுங்கள்" என்று மெயிலில் வருவது மோசடிக்காரர்களின் பழைய வித்தை. உஷாரான கடைக்காரர் உங்கள் கடிதத்தைச் சந்தேகப்படுவார், சந்தேகப்படவும் வேண்டும். அதனால் உங்கள் விற்பனை ஆள் நேரில் போய்க் கொடுக்கட்டும், அல்லது அவருக்குத் தெரிந்த எண்ணிலிருந்து நீங்களே பேசுங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் விர்ச்சுவல் எண்ணை அடித்தால் அங்கே என்ன பெயர் தெரியும் என்று வங்கியில் முதலிலேயே கேளுங்கள். உங்கள் கடைப் பெயர் வந்தால் கடைக்காரருக்கு நம்பிக்கை வரும். வேறு ஏதாவது வந்தால் 240 போன் வரும்.

எண் அடையாளம் காட்டுவது பார்ட்டியைத்தான், பணம் போட்ட ஆளை அல்ல என்பதையும் மறக்காதீர்கள். பழனிசாமி தன் எண்ணைப் பக்கத்துக் கடை நண்பருக்குக் கொடுத்து, அவரும் உங்களிடம் சரக்கு வாங்குபவராக இருந்தால், நண்பர் போட்டது பழனிசாமி லெட்ஜரில் ஏறும். இதைப் பிடிக்க எம்ஐஎஸ்ஸில் அனுப்பியவரின் கணக்கு எண்ணும் வரும்படி கேளுங்கள். ஒரு கணக்கிலிருந்து வழக்கமாக 0288க்கு வரும் பணம் திடீரென்று 0417க்கு வந்தால், அதைத் தனியே எடுத்து வைத்து விசாரிக்கலாம். தெரியாத கணக்கிலிருந்து பெரிய தொகை வந்தாலும் கேளுங்கள். சைபர் மோசடிப் பணம் யார் யார் கைக்கோ மாறி வந்தால், கடைசியில் வாங்கியவர் கணக்கில் அந்தத் தொகை முடக்கப்படலாம். எந்தப் பார்ட்டிக்கு எந்த பில்லுக்கு வந்தது என்று காட்ட அப்போது இந்தப் பதிவுதான் கையில் இருக்கும்.

வங்கியில் நேரடியாக எடுப்பதா, பேமென்ட் கேட்வே கம்பெனியிடம் எடுப்பதா என்றும் கேள்வி வரும். கேட்வேயில் அமைப்பது சுலபம். ஆனால் பணம் முதலில் அவர்களின் எஸ்க்ரோ கணக்குக்குப் போய், பிறகுதான் உங்களுக்கு வரும். கட்டணத்தையும் பெரும்பாலும் தொகையின் சதவீதமாகக் கேட்பார்கள். லட்சக்கணக்கில் வரும் மொத்த வியாபாரத்துக்கு அது கட்டாது. உங்கள் கரன்ட் அக்கவுண்ட் இருக்கும் வங்கியிலேயே, பரிமாற்றத்துக்கு இவ்வளவு என்று பேசி எடுங்கள். நல்ல இருப்பு வைத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எல்லாம் தயார் என்று வங்கி சொன்னதும் கடைக்காரர்களுக்கு உடனே அனுப்பிவிடாதீர்கள். வேறு வங்கியில் இருக்கும் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து பத்துப் பத்து ரூபாயாகப் போட்டுப் பாருங்கள். சரியான எண்ணுக்கு நெஃப்டில் ஒன்று, ஐஎம்பிஎஸ்ஸில் ஒன்று. சோதனை இலக்கத்தை மாற்றி ஒன்று, அது திரும்பி வர வேண்டும். பட்டியலிலிருந்து நீக்கிய ஓர் எண்ணுக்கு ஒன்று, அதுவும் திரும்ப வேண்டும். பிறகு அன்றைய எம்ஐஎஸ்ஸை டாலியில் இரண்டு முறை ஏற்றுங்கள். ரசீது இரண்டுக்கு மேல் விழக் கூடாது. விழவில்லை என்றால், முதலில் அடிக்கடி பணம் போடும் இருபது கடைக்காரர்களுக்கு மட்டும் எண்ணைக் கொடுங்கள்.